காசு போயிடுச்சு, ஆர்டர் வரல: மூன்று கோடுகளில் தேடிய கதை

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சின்னக் கடையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தபோது, கூடவே ஒரு தலைவலியும் வந்தது. வாரத்துக்குச் சில பேராவது போன் செய்து, "காசு போயிடுச்சு, ஆனா ஆர்டர் வரலங்க" என்பார்கள். கடைப் பக்கம் பார்த்தால் ஆர்டர் `pending`. பேமென்ட் கேட்வேயின் டாஷ்போர்டில் பார்த்தால் பணம் பச்சையாக வந்து சேர்ந்திருக்கும். முதலில் எழுதிக் கொடுத்தவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். புரோகிராமைத் திறந்து படித்தால் ஒவ்வொரு ஃபங்ஷனும் தனித்தனியே சரியாகத்தான் தெரிந்தது. யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்பது மட்டும் எங்கேயும் ஒரே இடத்தில் இல்லை.

அதனால் புரோகிராமை மூடிவிட்டு சீக்வென்ஸ் டயகிராம் ஒன்று போட்டேன். மூன்று செங்குத்துக் கோடுகள்: வாடிக்கையாளர், கடை, பேமென்ட். நேரம் மேலிருந்து கீழே ஓடும். முழுக்கோட்டு அம்பு என்றால் ஒருவர் கேட்பது, புள்ளிக்கோடு என்றால் அதற்குப் பதில். பிரவுசர், யு.பி.ஐ. ஆப், வங்கி எல்லாவற்றுக்கும் தனிக்கோடு போட ஆசை வரும். போட்டால் படம் அகலமாகி யாரும் படிக்க மாட்டார்கள். பிரவுசரை வாடிக்கையாளர் கோட்டிலும், வங்கியை பேமென்ட் கோட்டிலும் அடக்கிவிட்டேன். வரிகளாக எழுதினால் படமாக வரைந்து தரும் மெர்மெய்டில் எழுதினால் இவ்வளவுதான்:

```
sequenceDiagram
  participant C as வாடிக்கையாளர்
  participant S as கடை
  participant P as பேமென்ட்
  C->>S: ஆர்டர் போடு (ரூ. 1,850)
  S->>P: ஆர்டர் உருவாக்கு (185000 பைசா)
  P-->>S: ஆர்டர் எண்
  S-->>C: பணம் கட்டும் பக்கம்
  C->>P: பணம் கட்டு
  P-->>C: வெற்றி + கையொப்பம்
  C->>S: கட்டிவிட்டேன் + கையொப்பம்
  S-->>C: ஆர்டர் உறுதி
```

இது எப்படி இருக்க வேண்டும் என்ற படம் இல்லை. புரோகிராமில் இருந்ததை அப்படியே இறக்கிய படம். ஆரம்பத்தில் இதை மட்டும்தான் வரைய வேண்டும். திருத்தத்தையும் சேர்த்து வரைந்தால் ஓட்டை மறைந்துவிடும்.

படத்தில் விரலை வைத்துக் கீழே போனால் சிக்கல் தானாகத் தெரிகிறது. பணம் வந்த செய்தி கடைக்கு வர ஒரே வழி கடைசிக்கு முந்தைய அம்பு. அது புறப்படுவது வாடிக்கையாளர் கோட்டிலிருந்து. அதாவது அவர் போனில் திறந்திருக்கும் பிரவுசரிலிருந்து. யு.பி.ஐ. ஆப்புக்குத் தாவி, பின் நம்பர் போட்டு, திரும்பி வருவதற்குள் நினைவகம் குறைந்த போன்கள் பின்னால் இருக்கும் பிரவுசர் பக்கத்தை மூடிவிடலாம். அல்லது "பணம் போச்சு" என்ற எஸ்.எம்.எஸ். பார்த்ததும் நிம்மதியாகப் போனைப் பையில் போட்டுவிடுவார்கள். அந்த அம்பு புறப்படவே இல்லை. பணம் வந்ததைச் சொல்ல பேமென்டிலிருந்து கடைக்கு நேராக வரும் அம்பு ஒன்றுகூட இல்லை.

அந்த நேர் அம்புதான் வெப்ஹூக். பணம் வந்ததும் கேட்வேயின் சர்வரே கடையின் சர்வருக்குச் செய்தி அனுப்பும். இதைச் சேர்த்தபோது நேரத்தை அதிகம் தின்றது கையொப்பச் சரிபார்ப்பு. செய்தி உண்மையில் கேட்வேயிலிருந்துதான் வந்ததா என்று பார்க்க, வந்த உரையை ரகசியச் சாவியோடு சேர்த்து ஹாஷ் போட்டு, கூடவே வந்த கையொப்பத்தோடு ஒப்பிட வேண்டும். வந்த உரையை அப்படியே, ஒரு இடைவெளி மாறாமல் எடுக்க வேண்டும். நம் ஃபிரேம்வொர்க் ஜேசானைப் பிரித்துக் கொடுத்து, அதை நாம் மறுபடி கோத்தால் ஹாஷ் பொருந்தாது. டெஸ்ட் செய்தி எல்லாமே கையொப்பத்தில் அடிபட்டுத் திரும்பினால் சாவியைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

இப்போது ஒரே செய்தி கடைக்கு இரண்டு வழியில் வரும். எது முந்தும் என்று சொல்ல முடியாது. படத்தில் ஒன்றை மேலே போட்டால் அதுதான் முதலில் வரும் என்று படிப்பவர் நம்பிவிடுவார் என்பதால் இரண்டையும், எது முன் எது பின் என்று சொல்லாத `par` கட்டத்துக்குள் போட்டேன். வெப்ஹூக் ஒன்றே இரண்டு தடவையும் வரும்: செய்தி கிடைத்தது என்று கடை `200` பதில் சொல்லத் தாமதித்தால் கேட்வே மறுபடி அனுப்பும். அதனால் கடைக் கோட்டில் இரண்டு அம்பும் வந்து சேரும் இடத்தில் இந்த வரி:

```
UPDATE orders SET status='paid'
WHERE id=4127 AND status='pending';
```

ஒரு வரிசை மாறியது என்று தரவுத்தளம் சொன்னால் மட்டும் அடுத்த வேலை. பூஜ்யம் என்றால் முன்பே யாரோ வந்து சொல்லிவிட்டார்கள், பேசாமல் `200` கொடுத்துவிட்டுப் போகலாம். எஸ்.எம்.எஸ். அனுப்புவதும் பில் போடுவதும் அந்த `200`-க்குக் கீழே இறங்கின.

படத்தை அச்செடுத்து முதலாளியிடம் காட்டினேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, வியாபாரம் தெரியும். மெதுவாக அம்புகளைத் தொட்டுக்கொண்டே வந்து, "பணம் கட்டு" என்ற இடத்தில் நிறுத்தினார். "சேலைய எவ்வளவு நேரம் புடிச்சு வைப்பீங்க தம்பி?"

"15 நிமிஷம்ணே."

"17வது நிமிஷம் காசு வந்தா? கையில முடிஞ்ச கட்டு ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கும். அதுக்குள்ள வேற ஆள் எடுத்துட்டா?"

நியாயமான கேள்வி. 15 நிமிடம் முடிந்ததும் ஒதுக்கம் விலகும், ஆர்டர் `pending` ஆகவே நிற்கும், யு.பி.ஐ.யில் தாமதமாகப் பணம் வந்து சேரும். புரோகிராமில் அதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் பதில் சொல்ல வேண்டியது புரோகிராம் எழுதுபவர் இல்லை. சேலை இருந்தால் கொடுத்துவிடு, போய்விட்டால் உடனே பணத்தைத் திருப்பு, வேறு சேலை பார்க்கச் சொல்லி இழுக்காதே என்று அவர் முடிவு சொன்னார். `paid` ஆனதற்குக் கீழே அது இப்படி இறங்கியது:

```
alt சேலை இருக்கிறது
  S-)C: ஆர்டர் உறுதி எஸ்.எம்.எஸ்.
else விற்றுவிட்டது
  S->>P: முழுப் பணத்தைத் திருப்பு
  P-->>S: ரீஃபண்ட் எண்
  S-)C: ரீஃபண்ட் எண்ணோடு எஸ்.எம்.எஸ்.
end
```

இரண்டு அம்புமே வராத நாளும் உண்டு. கடையின் சர்வரே படுத்திருந்தால் வெப்ஹூக் யாரிடம் வரும்? அதற்காக `pending` ஆர்டர்களை எடுத்து, கடையே கேட்வேயிடம் நிலவரம் கேட்கும் ஒரு `loop` கட்டத்தைக் கடைசியில் சேர்த்தேன். இங்கே கவனிக்க வேண்டியது, "இன்னும் தெரியாது" என்ற பதிலைத் தோல்வி என்று எடுத்துவிடக் கூடாது. தோல்வி என்று காட்டினால் வாடிக்கையாளர் மறுபடி கட்டுவார், அப்புறம் இரண்டு பணமும் வந்து நிற்கும்.

வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து கேட்வேக்கே வராத பணம் இந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. அது வங்கிகளுக்குள் நடப்பது. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, கணக்கில் கழிந்தும் கடைக்கு உறுதி வராத பணம் T+5 நாட்களுக்குள், அதாவது கட்டிய நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள், தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. போன் எடுக்கும் பெண்ணுக்கு இதையும் படத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன் வந்ததும் அவர் யு.பி.ஐ.யின் 12 இலக்க எண்ணை வாங்கி டாஷ்போர்டில் தேடுவார். அங்கே இருந்தால் எங்கள் பக்கம் பார்க்க வேண்டியது, இல்லையென்றால் வங்கிக்குச் சொல்ல வேண்டியது.

ரிட்டர்ன், எக்ஸ்சேஞ்ச் இரண்டையும் இதே படத்தில் நுழைக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அதற்குத் தனித்தாள்.