ஃபோர்மேன் எதை நம்பவில்லை?

"அண்ணே, மூடியைக் கழற்றினாங்கன்னு ஒத்துக்கிட்டாங்களா இல்லையா?" கையில் கட்டோடு அந்தப் பையன் கேட்டதற்கு அன்றைக்கு நான் நேரான பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க முடியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவன் கையில் அடிபட்டது பற்றி நிர்வாகம் பிரெஞ்சில் எழுதிய பதிலைத் தமிழாக்கிக் கொடுத்தவன் நான். அதில் ஒரு வரி. 'மெஷினின் பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்ததை ஃபோர்மேன் நம்பவில்லை' என்று எழுதலாம். 'கழற்றப்பட்டிருந்தது என்று ஃபோர்மேன் நினைக்கவில்லை' என்றும் எழுதலாம். முதலாவதைப் படிப்பவர், மூடியைக் கழற்றியது உண்மை, அவர்தான் நம்ப மறுக்கிறார் என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவது, கழற்றினார்களா என்பதில் எந்தப் பக்கமும் சாயாது.

பிரெஞ்சில் இந்த வேலையை வினை செய்யும். கடிதத்தில் இருந்தது 'ஏ எத்தே'. இது சப்ஜங்டிவ், நடந்தது என்று அடித்துச் சொல்லாத வினை உருவம். சாதாரண உருவமான 'ஆ எத்தே' என்று இருந்தால், கழற்றியதைக் கடிதம் எழுதியவரே உண்மையாகக் கொண்டார் என்று வாதாடலாம். அதனால் 'என்று' போட்டேன். சரிதானே?

முழுக்கச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. 'நம்பவில்லை', 'நினைக்கவில்லை' என்று வந்தாலே பின்னால் சப்ஜங்டிவ் போடுவது பிரெஞ்சில் எழுதுபவரின் கைப்பழக்கம். 'ஆ' இருந்திருந்தால் அதுதான் செய்தி. 'ஏ' இருப்பதால் எழுதியவர் யோசித்துத்தான் நடுவில் நின்றார் என்று ஆகிவிடாது. 'சந்தேகப்படுகிறேன்', 'வேண்டும்' போன்றவற்றுக்குப் பின்னால் அந்தத் தேர்வுகூடக் கிடையாது, சப்ஜங்டிவ் கட்டாயம்.

அதைவிடப் பெரிய உறுத்தல் பையன் போகிற போக்கில் சொன்னது: "அவரு கிரியோல்லதானே பேசினாரு." மொரிஷியஸில் வேறெதில் பேசுவார்? கிரியோலில் வினைக்கு இந்த இரண்டு உருவமே கிடையாது. முடிந்துபோன செயல் என்றால் 'ஃபின்' சேர்ப்பார்கள், அவ்வளவுதான். அப்படியானால் அந்த 'ஏ' ஃபோர்மேனுடையது இல்லை, கடிதம் தட்டிய குமாஸ்தாவுடையது. நான் காபந்து பண்ணியது யாருடைய சந்தேகத்தை?

அதிகாரிக்குப் போன ஆங்கிலப் பிரதியில் இந்தத் தலைவலியே இல்லை. 'டஸ் நாட் பிலீவ் தட்' என்று எழுதினால் இரண்டு பொருளும் அதற்குள் அடங்கிவிடும். தமிழில்தான் 'என்று' அல்லது 'ஐ' என்று ஒரு பக்கம் கைவைத்தாக வேண்டியிருந்தது. பையனிடம் இதையெல்லாம் விளக்கினேன். "நான் கண்ணால பார்த்தேண்ணே" என்றான். அதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை.

இன்னொரு முறை வந்தாலும் 'என்று'தான் எழுதுவேன். ஆனால் அதே கடிதத்தின் அடுத்த வரியில், மெஷின் இப்போது சரியாக ஓடுவது பற்றியும் ஃபோர்மேன் 'நம்பவில்லை' என்று இருந்தது. அங்கே வினை 'மார்ஷ்'. அதற்குச் சப்ஜங்டிவிலும் சாதாரண நிகழ்காலத்திலும் எழுத்தும் ஒன்றே, ஒலியும் ஒன்றே. அதிலும் யோசிக்காமல் 'என்று' போட்டுவிட்டேன். அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை.