கெழுக்கள் சரி, விடை தவறு: வகுக்காமல் தொகையிட்டால் என்ன ஆகிறது

விகிதமுறு சார்பைத் தொகையிடும் கணக்கில் பகுதியைக் காரணிப்படுத்தியதுமே நேராகப் பகுதி பின்னங்களுக்குப் போய்விடுகிறோம். தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவாக இருந்தால் அதில் குற்றமில்லை. படி சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் முதலில் வகுத்தாக வேண்டும். விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை மறந்தால் பெரும்பாலும் எச்சரிக்கை எதுவும் வராது என்பதுதான் சிக்கல். எண்கள் அழகாக வரும், விடையும் விடை போலவே இருக்கும்.

இந்தக் கணக்கைப் பாருங்கள்:

∫ (x⁴ − 3x + 5) / (x² − x − 2) dx

பகுதி (x − 2)(x + 1). வகுக்க மறந்த ஒருவர் A/(x − 2) + B/(x + 1) என்று எழுதி, மூலங்களைப் பிரதியிடுகிறார். x = 2 என்றால் தொகுதி 16 − 6 + 5 = 15. அதை 3-ஆல் வகுக்க A = 5. x = −1 என்றால் தொகுதி 1 + 3 + 5 = 9. அதை −3-ஆல் வகுக்க B = −3. விடை 5 ln|x − 2| − 3 ln|x + 1| + C. பின்னம்கூட வரவில்லை, முழு எண்கள்தான். ஆனாலும் விடை தவறு.

இதில் A-யும் B-யும் சரியானவையே என்பதைக் கவனிக்க வேண்டும். முறைப்படி வகுத்துவிட்டுச் செய்தாலும் இதே 5, இதே −3 தான் கிடைக்கும். தொகுதி = ஈவு × பகுதி + மீதி. மூலங்களில் பகுதி பூச்சியமாகிவிடுவதால் ஈவு இருந்த தடமே தெரியாது. தொகுதியின் மதிப்பும் மீதியின் மதிப்பும் ஒன்றாகிவிடும். ஆகவே மூலத்தைப் பிரதியிடும் முறை இந்தத் தவற்றைக் காட்டிக்கொடுக்காது. மடக்கை உறுப்புகள் சரியாக வந்து, பல்லுறுப்புக்கோவைப் பங்கு மட்டும் சத்தமில்லாமல் விழுந்துவிடும். கெழுக்களை ஒப்பிடும் முறையில் செய்தவருக்கு x⁴-இன் கெழு ஒரு பக்கம் 1, மறுபக்கம் 0 என்று உடனே முரண்பாடு தெரியும். அவர் அங்கேயே நின்றுவிடுவார்.

மூலம் அல்லாத ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் விரிசல் தெரிந்துவிடும். x = 0-இல் கொடுத்த பின்னத்தின் மதிப்பு 5/(−2) = −2.5. பிரித்து எழுதியதன் மதிப்பு 5/(−2) − 3/1 = −5.5. இடையே 3 குறைகிறது. அந்த 3 எங்கிருந்து வர வேண்டும் என்பது வகுத்தலில் தெரியும்.

தொகுதியில் x³, x² உறுப்புகள் இல்லை. அந்த இடங்களைப் பூச்சியக் கெழுவோடு எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

```
x⁴ + 0x³ + 0x² − 3x + 5
x⁴ −  x³ − 2x²              (ஈவு: x²)
-----------------------
      x³ + 2x² − 3x + 5
      x³ −  x² − 2x         (ஈவு: + x)
-----------------------
           3x² −  x + 5
           3x² − 3x − 6     (ஈவு: + 3)
-----------------------
                2x + 11
```

ஈவு x² + x + 3, மீதி 2x + 11. x = 0-இல் காணாமல்போன 3 இந்த ஈவின் மாறிலிதான்.

மேலே உள்ள மூன்று கழித்தல்களில்தான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. முதல் வரியில் 0x³ − (−x³) என்பது +x³. கழிக்க வேண்டிய வரியின் முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே கீழே இறக்குபவர்களுக்கு −x³ வரும். அதற்குப் பிறகு எல்லாமே சரிந்துவிடும். கீழ்வரி முழுவதின் குறிகளையும் மாற்றி எழுதிவிட்டுக் கூட்டுவது பாதுகாப்பானது. ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. பூச்சிய இடங்களை விட்டுவிட்டால் வேறொரு வில்லங்கம்: −x³ என்ற உறுப்பு −3x-க்கு நேர்கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும், படி வேறான இரண்டை ஒன்றாகச் சேர்த்துவிடுவோம்.

3x² − x + 5 வந்ததும் நிறுத்திவிடுபவர்களும் உண்டு. இதன் படி 2, பகுதியின் படியும் 2. சமமாக இருக்கும்வரை வகுத்தல் முடியவில்லை. ஈவின் படி 4 − 2 = 2 என்பது தொடங்கும் முன்பே தெரியும். x² முதல் மாறிலி வரை மூன்று இடங்களையும் பார்த்தாயிற்றா என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

மீதி சரியா என்பதற்கு முன்பு கண்ட மூல மதிப்புகளே உதவும். x = 2-இல் 2x + 11 = 15, x = −1-இல் 9. இரண்டும் தொகுதியின் மதிப்புகளோடு பொருந்துகின்றன. ஈவையும் சேர்த்துச் சோதிக்க மூலமல்லாத எண் வேண்டும்: x = 1-இல் ஈவு 5, பகுதி −2, மீதி 13. ஆக 5 × (−2) + 13 = 3. தொகுதியும் 1 − 3 + 5 = 3.

இனி எழுதும்போது மீதி பகுதியின்மேல்தான் உட்கார வேண்டும். x² + x + 3 + 2x + 11 என்று மீதியை வெறுமனே கூட்டிவிடுவது அவசரத்தில் நடக்கும் பிழை.

∫ [x² + x + 3 + (2x + 11)/((x − 2)(x + 1))] dx
= x³/3 + x²/2 + 3x + 5 ln|x − 2| − 3 ln|x + 1| + C

எல்லைகள் 0 முதல் 1 வரை என்று கேட்டிருந்தால் மதிப்பு 23/6 − 8 ln 2, ஏறத்தாழ −1.71. வகுக்காதவருக்கு −8 ln 2, அதாவது சுமார் −5.55 கிடைத்திருக்கும். அந்த இடைவெளியில் சார்பின் மிகக் குறைந்த மதிப்பே −2.5, அகலம் 1 அலகு. எனவே −2.5-க்குக் கீழே போக வழியே இல்லை. வரையறுத்த தொகையில் இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் ஆகாது.

படி சமமாக இருக்கும் கணக்குகள்தான் கண்ணில் படாமல் நழுவுகின்றன. x²/(x² + 4) போன்றவற்றுக்கு நீள் வகுத்தல் தேவையில்லை; தொகுதியில் 4-ஐக் கூட்டிக் கழித்தால் 1 − 4/(x² + 4). தொகை x − 2 tan⁻¹(x/2) + C. பகுதியின் முதன்மைக் கெழு 1 இல்லையென்றால் சற்று நிதானம் வேண்டும். (3x + 1)/(2x − 5)-இல் ஈவு 3/2, மீதி 1 + 15/2 = 17/2. தொகையிடும்போது 2x − 5-இன் 2 மறுபடியும் வகுக்கும். ஆகவே 3x/2 + (17/4) ln|2x − 5| + C. இங்கே 17/2 என்றே விட்டுவிடுவது வழக்கமான தவறு.

பகுதி ஒரே நேரியல் காரணியின் அடுக்காக இருந்தால் வகுக்காமலே போகலாம். x³/(x − 1)²-இல் t = x − 1 என்று வைத்தால் (t + 1)³/t² = t + 3 + 3/t + 1/t². ஈவும் பகுதி பின்னங்களும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. தொகை t²/2 + 3t + 3 ln|t| − 1/t + C. இதை x-க்கு மாற்றி விரித்தால் x²/2 + 2x − 5/2 என்று தொடங்கும்; நேரடியாக வகுத்தவருக்கு x²/2 + 2x மட்டும் இருக்கும். அந்த −5/2 மாறிலி C-க்குள் அடங்கிவிடும். விடைக்குறிப்போடு பொருந்தவில்லை என்று சரியான விடையை அடித்துவிடாதீர்கள்.