சிக்னல் இல்லாத இடத்தில் அனுப்பு பட்டன்

இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு ஆப் செய்யும் வேலை வந்தது. கேட்டது எளிமையானதுதான். பழுது பார்ப்பவர் வேலை முடிந்ததும் ஒரு படிவத்தை நிரப்பி, சில போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சிலரிடம் ஆண்ட்ராய்டு, சிலரிடம் ஐபோன்.

இந்த மாதிரி வேலைக்கு என் முதல் தேர்வு வெப் ஆப்தான். ஸ்டோர் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். கேமராவும் பிரவுசரிலேயே திறக்கும். ஆனால் இவர்கள் அதிகம் போவது கட்டடங்களில் தரைக்குக் கீழே இருக்கும் தளத்துக்கு. அங்கே சிக்னல் கிடைக்காது. "அனுப்புன்னு அழுத்திட்டு போனைப் பாக்கெட்ல போட்டுருவோம் சார், அப்புறம் அதைத் திறக்க மாட்டோம்" என்றார் ஒருவர். அந்த ஒரு பேச்சுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது.

சின்னதாக ஒரு வெப் ஆப் எழுதிச் சோதித்தோம். ஏரோபிளேன் மோடில் படிவத்தை நிரப்பி, அனுப்பு என்று அழுத்தி, ஆப்பை மூடிவிட வேண்டும். பிறகு நெட்டை இயக்கிவிட்டு, ஆப்பைத் திறக்காமல் சர்வரைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு குரோமில், நெட் வந்ததும் பின்னணியிலேயே அனுப்பிவிடும் Background Sync என்ற வசதி இருப்பதால் படிவம் வந்து சேர்ந்தது. சஃபாரியில் அந்த வசதி இல்லை. ஐபோனில் ஆப்பை மறுபடி திறக்கும்வரை படிவம் போனுக்குள்ளேயே கிடந்தது.

முழு நேட்டிவ், அதாவது ஒவ்வொரு வகை போனுக்கும் அதற்கே உரிய மொழியில் தனி ஆப் என்றால், ஆண்ட்ராய்டுக்குக் கோட்லினில் ஒன்று, ஐபோனுக்கு ஸ்விஃப்டில் ஒன்று என எல்லாத் திரைகளையும் இரண்டு தடவை எழுத வேண்டும். ஒரு படிவத்துக்கு அது அதிகம். அதனால் ஒரே கோடை இரண்டு வகை போனிலும் ஓடவைக்கும் ஃப்ளட்டரில் திரைகளை ஒரே தடவை எழுதினோம். அனுப்பும் பகுதியை மட்டும் நேட்டிவாக வைத்துக்கொண்டோம்: ஆப் மூடியிருந்தாலும் வேலையைச் செய்து முடிக்க ஆண்ட்ராய்டில் WorkManager, ஐபோனில் பின்னணி URLSession.

ஃப்ளட்டர் மாதிரி கிராஸ் பிளாட்ஃபார்ம் கருவியை எடுத்தால் நேட்டிவ் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் அது செல்லாது. ஐபோனின் பின்னணி அப்லோட், நினைவகத்தில் இருக்கும் படத்தை ஏற்காது; முதலில் ஃபைலாகச் சேமித்து, அந்த ஃபைலைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால், நெட் வந்ததும் சிஸ்டமே அனுப்பிவிடும். ஆனால் ஆப்பை மேலே தள்ளி மூடினால் நிலுவையில் உள்ள அப்லோடும் ரத்தாகிவிடும். அதனால் ஆப் திறக்கும் ஒவ்வொரு முறையும் போகாதவற்றைத் தேடி மறுபடி வரிசையில் சேர்க்கிறது. சில சமயம் படிவம் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பி வராது. அப்போது அதே படிவம் இரண்டாவது முறையும் போகும். அதற்காகவே படிவம் உருவாகும்போதே போனில் ஓர் அடையாள எண் கொடுத்துவிடுகிறோம். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல், "வந்துவிட்டது" என்று மட்டும் பதில் சொல்லும்.

அலுவலகத்தில் படிவங்களைப் பார்க்கும் பக்கம் இன்றும் வெப்தான். அங்கே நெட் எப்போதும் இருக்கிறது.