அக்காவிடம் வாசித்துக் காட்டிய கதை

நான் வேலை செய்யும் அறக்கட்டளை சிறியது. திருநெல்வேலி மாவட்டத்தில் காசநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களின் வீட்டுக்கு ஆறு மாதம் உணவுப் பை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, ஒரு கிலோ நிலக்கடலை, சத்துமாவு, அரை லிட்டர் எண்ணெய், 30 முட்டை. இதனால் பயன்பெற்ற ஒருவரின் கதையை நன்கொடையாளர்களுக்காக எழுதித் தரும்படி சென்ற ஆண்டு என்னிடம் சொன்னார்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஏழு வாரம் ஆயிற்று.

முதல் தவறு, சம்மதம் வாங்கிய விதம். பையை இறக்கிவைத்த கையோடு படிவத்தை நீட்டினேன். யாருடைய கதையை எழுத இருந்தேனோ அந்த அக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வேறென்ன செய்வார்? முட்டை அட்டை இன்னும் என் பக்கத்தில்தான் இருந்தது. மறுத்தால் அடுத்த மாதம் பை வராதோ என்று யாருக்கும் தோன்றும். வீடு திரும்பும்போது பஸ்ஸில்தான் இது உறைத்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அவருடைய சிகிச்சை முடிந்து, கடைசிப் பையும் கொடுத்த பிறகு, கையில் எதுவும் இல்லாமல் வேறொரு நாள் போனேன்.

அன்று படிவத்தை எடுக்கவில்லை, கைப்பேசியை எடுத்தேன். எங்கள் பழைய கதை ஒன்றைக் காட்டி, இதுபோல்தான் வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றேன்.

“துபாயில் இருக்கும் என் நாத்தனார் மகனும் பார்ப்பானா?”

“பார்க்கலாம் அக்கா. இணையத்தில் போட்டதை நீங்கள் சொன்னால் எடுத்துவிடுவோம். அதற்குள் யாராவது பிறருக்கு அனுப்பியிருந்தால் அது நம் கையில் இல்லை. அச்சில் போனதையும் திரும்ப வாங்க முடியாது.”

யோசித்துச் சொல்கிறேன் என்றார். பத்து நாள் கழித்து, எழுதிக்கொள், ஆனால் முதலில் எனக்கு வாசித்துக் காட்டு என்று சொல்லி அனுப்பினார்.

என் முதல் வரைவை இப்போது எடுத்துப் படித்தால் கூசுகிறது. ‘நம்பிக்கையிழந்த கண்களுடன்’ என்று தொடங்குகிறது. அக்காவின் கண்களில் நான் பார்த்ததெல்லாம் என்மேல் இருந்த சந்தேகம்தான். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, பீடி இலையில் தூளை வைத்து உருட்டி நூல் கட்டியபடியே கேட்டார். கை நிற்கவே இல்லை. கை நின்ற இடங்கள்தான் நான் திருத்த வேண்டிய இடங்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் நின்றது கணவர் இறந்த விதத்தைச் சொன்னபோது. அடுத்து, மூத்த மகள் செவிலியர் படிப்பில் இருக்கிறாள் என்றபோது. பெயரை மாற்றியிருந்தேன், ஊரையும் எடுத்திருந்தேன். அது போதாது. அப்படி இறந்தவரும் அப்படிப் படிக்கும் மகளும் ஒரே வீட்டில் என்றால் அந்தப் பக்கத்தில் அது ஒரு வீடுதான். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீடி சுற்றுகிறவர் என்பதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். “அது இருக்கட்டும் தங்கச்சி. இந்தப் பக்கம் எந்த வீட்டில்தான் சுற்றவில்லை?” ஒரு விவரம் தனியாக யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. இரண்டு மூன்று சேரும்போதுதான் ஆள் தெரிந்துவிடுகிறது. (இங்கேயும் அந்த இரண்டு விவரங்களை அவர் சொன்னபடியே எழுதவில்லை.)

மூன்றாவதாக நின்றது, ‘அறியாமையால் மாத்திரையை நிறுத்திவிட்டார்’ என்ற வரியில். இதற்குக் கோபமே வந்துவிட்டது. நடந்தது இது. 38 கிலோ எடைக்கு முதல் இரண்டு மாதம் தினமும் மூன்று கூட்டு மாத்திரை. விழுங்கிய இரண்டாம் நாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. ரத்தம் என்று பயந்துவிட்டார். அந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தை எடுத்தால் அப்படித்தான் போகும், அதனால் தீங்கில்லை, ஆனால் அதை யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதோடு வாந்தி. முறத்தின் முன் குனிந்து உட்கார முடியவில்லை, உட்காராத நாளுக்குக் கூலி இல்லை. நான்கு நாள் நிறுத்தினார். எங்கள் தன்னார்வலர் ஒரு மாலை போய் நிறத்தைப் பற்றி விளக்கி, சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போன பிறகு மறுபடி தொடங்கினார். அறியாமை யாருடையது? அந்த வரியை எடுத்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன். உள்ளபடியே சொன்னால், எங்கள் அறக்கட்டளை செய்தவற்றில் உறுதியாக எங்களுடையது என்று சொல்லத்தக்கது அந்த ஒரு மாலைதான்.

ஏனென்றால் எடைக் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. ஆறு மாதத்தில் 38 கிலோ 43 ஆனது. ‘எங்கள் உணவால் ஐந்து கிலோ கூடினார்’ என்று போட வேண்டும் என்றார் எங்கள் பொருளாளர். தலைப்பு ‘ஓர் உயிரைக் காத்தோம்’. நல்ல மனிதர்தான், ஆண்டுக் கடைசியில் வங்கி இருப்பைப் பார்க்கிறவர். ஆனால் நோயைக் கண்டுபிடித்ததும் மாத்திரை கொடுத்ததும் அரசு, அதுவும் இலவசமாக. உணவுக்கென்று மாதம் 1000 ரூபாயும் அரசு தருகிறது. மருந்து வேலை செய்தாலே பசி திரும்பும், எடையும் ஏறும். எங்கள் பை இல்லாமல் எவ்வளவு ஏறியிருக்கும் என்று ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல வழியே இல்லை. ‘சிகிச்சைக் காலத்தில் ஐந்து கிலோ கூடினார், அந்த மாதங்களில் நாங்கள் உணவு கொடுத்தோம்’ என்று எழுதினேன். சப்பென்று இருக்கிறது என்றார். இருக்கட்டும் என்றேன்.

முட்டை விஷயம் இன்னும் சங்கடமானது. 30 முட்டையில் அவர் சாப்பிட்டது பத்துகூட இருக்காது, மீதி பிள்ளைகளுக்கு. தயங்கித் தயங்கித்தான் சொன்னார். இதை எழுதினால் நன்கொடையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று முதலில் மறைத்தேன். பிறகு ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வு நினைவுக்கு வந்தது. நோயாளியின் குடும்பத்தாருக்கும் சத்துணவு கொடுத்த வீடுகளில், அவர்களுக்குக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. அங்கே கொடுத்தது எங்கள் பையைவிட அதிகம், ஆளுக்கு ஆள் கணக்கிட்டுக் கொடுத்தது. அதனால் அந்தப் பலனை எங்களுடையதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் பிள்ளைகள் தின்ற முட்டை வீண் இல்லை என்று அதை வைத்து எழுத முடிந்தது. அக்காவின் அனுமதி கேட்டு அதையும் சேர்த்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு பை என்ற கணக்கே தவறு என்று எங்கள் கூட்டத்தில் பேச்சு எழுந்ததும் அந்தப் பத்தியால்தான்.

கதையின் அடியில் நான்கு வரி சேர்த்தேன். அந்த ஆண்டு 23 பேருக்குப் பை கொடுத்தோம். 19 பேர் சிகிச்சையை முடித்தார்கள். ஒருவர் இறந்துவிட்டார், இரண்டு பேர் வேலை தேடி வெளியூர் போனார்கள், ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டார். நன்றாக முடிந்த ஒருவரை மட்டும் காட்டிவிட்டு இவர்களை விட்டுவிட்டால், அக்காவின் கதையில் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தாலும் மொத்தமாக அது பொய்.

படத்துக்கு முகம் வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. கைகளை எடுத்தேன். பின்னால் கதவின் நிறமும் சுவரில் மாட்டிய படமும் தெரிந்தன, தெருவில் யாரும் கண்டுபிடிப்பார்கள். கடைசியில் எங்கள் அலுவலக மேசையில் ஒரு முட்டை அட்டையை வைத்து எடுத்தோம். பார்க்க ஒன்றுமில்லாத படம்.

இறுதி வடிவத்தையும் திண்ணையில் வாசித்தேன். இந்த முறை கை ஒரே ஓட்டமாக ஓடியது. முடித்ததும் பீடிக் கட்டுகளை எண்ணி ஓரமாக வைத்தார்.

“எல்லாம் சரிதான். கடைசி மாதம் நான்கு முட்டை உடைந்து வந்ததே, அதைக் காணோமே?”

‘30 முட்டை’ என்று இருந்த இடத்தில், ‘கடைசி மாதம் மட்டும் 26’ என்று அங்கேயே எழுதிச் சேர்த்தேன். அதையும் வாசிக்கச் சொன்னார்.