பணம் ஏறுது, இறங்க மாட்டேங்குது

2025 மார்ச் 5, புதன்

அப்பா ஏடிஎம்முக்குப் போய்ட்டு வெறுங்கையோட வந்தார். மஞ்சள் வேக வெச்ச ஆளுங்களுக்கு நாளைக்குக் கூலி கொடுக்கணும். முந்தாநாள்தான் ஈரோட்டு மண்டியிலிருந்து 1,62,000 ரூபாய் கணக்கில் ஏறுச்சு, பாஸ்புக்கில் அச்சாகியும் இருக்கு. நான் என் போனிலிருந்து பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்தேன், போய்ச் சேர்ந்துது. அவர் போனிலிருந்து எனக்கு அனுப்பினால் வரவே இல்லை.

"ஏங் கண்ணு, போலீஸ்காரங்க ஏதாச்சும் முடக்கிப்போட்டாங்களா?" என்கிறார். சைபர் புகாரில் ஒரு தொகையை மட்டும் பிடித்து வைத்தால், எடுக்கக்கூடிய இருப்பு அந்த அளவுக்குக் குறைந்து தெரியும். இங்கே முழுத்தொகையும் அப்படியே தெரியுது. இரண்டு வருசம் வரவு செலவே இல்லாமல் தூங்கிப்போன கணக்கும் இல்லை. அடையாளம், விலாசம் எல்லாத்தையும் வங்கியில் அப்பப்போ புதுப்பிக்கிற கேஒய்சி ஞாபகம் அப்போதுதான் வந்தது.

மார்ச் 6, வியாழன்

பத்து மணிக்கே கிளைக்குப் போனோம். கவுன்டர்ப் பொண்ணு பார்த்ததும் சொல்லிடுச்சு: "அய்யா, நீங்க கடைசியா கேஒய்சி கொடுத்தது 2014 நவம்பருங்க." அப்பா மாதிரி அபாயம் குறைந்த வாடிக்கையாளருக்கு 10 வருசத்துக்கு ஒருமுறை, நடுத்தரத்துக்கு 8, அபாயம் அதிகம் என்று குறித்தவர்களுக்கு 2. போன நவம்பரிலேயே கெடு முடிஞ்சிருக்கு. வரவை விட்டுட்டுப் பற்றை மட்டும் நிறுத்தியிருக்காங்க.

ஒன்றுமே மாறவில்லை என்றால் "விவரத்தில் மாற்றம் இல்லை" என்று ஒரு உறுதிமொழி போதும். பதிவான நம்பரிலிருந்தோ ஆப்பிலோ கூடக் கொடுக்கலாமாம். எங்களுக்கு அந்த வழி அடைபட்டுப்போச்சு. தோட்டத்து வீட்டை விட்டுப் பெருந்துறைக்கு வந்து மூணு வருசம் ஆச்சு, பழைய சிம்மும் ரீசார்ஜ் இல்லாமல் போயே போச்சு. வங்கி அனுப்பின எதுவும் கையில் கிடைக்காததும் அதனால்தான்.

ஆதாரில் தோட்டத்து விலாசம். இங்கத்த கரண்ட் பில் இன்னும் வீட்டை விற்றவர் பேரில் வருது. நல்லவேளை, சொத்து வரி ரசீது அப்பா பேரில் இருந்தது, அதை வாங்கிக்கிட்டாங்க. ஆனால் அது தற்காலிகச் சான்றுதான். மூணு மாசத்துக்குள் புது விலாசம் போட்ட ஆதாரைக் கொடுக்கணும். ஆதார் நகல், பான் நகல், போட்டோ, புது நம்பருக்கு ஒரு விண்ணப்பம். கிளம்பும்போது தேதி போட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். அப்பாவுக்குக் கூச்சம்: "அவங்களை நம்பாத மாதிரி ஆகாதா?"

கூலிப் பணத்தை நான் கொடுத்துட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அப்பா வாட்ஸ்அப்பில் "இன்றே கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் கணக்கு மூடப்படும்" என்று ஒரு செய்தி, கூடவே ஒரு ஏபிகே ஃபைல். நேற்றைய அலைச்சலில் அதை நிஜமென்றே நம்பி விரலை வெச்சுட்டார். பிடுங்கி அழிச்சேன்.

இன்னொரு தலைவலி: 10-ஆம் தேதி டிராக்டர் தவணை அதே கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும். பணம் இருந்தும் திரும்பிடும், அபராதம் இரண்டு பக்கமும் விழும். கடன் கொடுத்த கம்பெனிக்கே போய் இந்த மாசத் தவணையைக் கட்டி ரசீது வாங்கினேன். 10-ஆம் தேதிக் கோரிக்கையை வங்கிக்கு அனுப்பவேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்தாச்சு.

மார்ச் 10, திங்கள்

இன்னும் எடுக்க முடியல. கிளையில் கேட்டால் "அப்டேட் ஆயிருச்சுங்களே" என்கிறாங்க. ஒப்புகைச் சீட்டை நீட்டினதும் அதிகாரி திரையில் தேடிப்பார்த்தார். கேஒய்சி தேதி புதுசாகியிருக்கு, பற்றுத் தடை மட்டும் அப்படியே நிக்குது. இது வேற, அது வேறயாம். ஒருத்தர் பதிந்ததை இன்னொருத்தர் ஒப்புக்கொள்ளணும், அந்த இரண்டாவது ஆள் வெள்ளிக்கிழமை லீவு. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வெச்சிருக்கிற கணக்கிலும் தடை இருக்கா என்று கேட்டேன். இருந்தது. அதையும் எடுக்கச் சொல்லி அங்கேயே நின்னேன்.

எழுத்தில் புகார் கொடுக்கவும் தயாராத்தான் போயிருந்தேன். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in-இல் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்கு வேலை வரல.

மார்ச் 11, செவ்வாய்

முதலில் நூறு ரூபாய் எனக்கு அனுப்பச் சொன்னேன், வந்தது. அப்புறம்தான் ஏடிஎம். அப்பா நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினார்.

ஜூன் 20, வெள்ளி

ஆதார் விலாச மாற்றம் 50 ரூபாயில் முடிஞ்சு, நகலைக் கெடுவுக்கு முன்னாலேயே கொடுத்தாச்சு. இந்த மாசம் 12-ஆம் தேதி ரிசர்வ் வங்கி விதியையே தளர்த்தியிருக்கு. அபாயம் குறைந்தவர்களுக்குக் கெடு முடிந்தாலும் வரவு செலவை நிறுத்தக்கூடாது. புதுப்பிக்க ஒரு வருசமோ 2026 ஜூன் 30 வரையோ, எது பிந்தியதோ அதுவரை அவகாசம். கெடுவுக்கு முன்னால் மூணு அறிவிப்பு, அதில் ஒன்றாவது கடிதமாக இருக்கணும்.

இன்னைக்கு விதை மஞ்சளைப் பார்க்கத் தோட்டத்து வீட்டைத் திறந்தோம். கதவிடுக்கில் செருகினபடி, பாதி கரையான் தின்ற ஒரு உறை. வங்கிக் கடிதம், போன அக்டோபர் தேதி.