திங்கக்கெழம மட்டும் நெஞ்சு அடைச்சா: ஸ்பின்னிங் மில்லுல எனக்கு நடந்தது

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல 14 வருசமா புளோரூம்ல வேல பாத்தவன் நான். பேல் உடைச்சு பஞ்ச மிஷின்ல போடுற எடம், மில்லுலயே தூசி அதிகம் அங்கயும் பஞ்ச சீவுற கார்டிங்லயும்தான். ஷிப்ட் முடிஞ்சு வந்து மூக்கு சிந்துனா கறுப்பா வரும், அது எல்லாருக்கும் உள்ளதுதான்னு விட்டுட்டேன்.

ரெண்டு வருசம் முன்னால திங்கக்கெழம மத்தியானம் ஆனா நெஞ்சுல கயிறு போட்டு இறுக்குன மாதிரி வர ஆரம்பிச்சுது. செவ்வாய் கொஞ்சம் தேவல, வியாழன் வெள்ளி ஒண்ணுமே இருக்காது, ஞாயித்துக்கெழம லீவு முடிஞ்சு உள்ள போனா மறுபடியும் வரும். ஊர்ல காட்டுன டாக்டர் ஆஸ்துமான்னு சொல்லி மருந்து குடுத்தாவ. எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு, மில் ஆபீஸ்ல அத பாத்துட்டு உமக்கு ஒண்ணும் இல்லவேன்னு அனுப்பிட்டாவ. எனக்கு அப்ப தெரியாது, பஞ்சுத்தூசி நோய்ல எக்ஸ்ரே பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். கல்குவாரி தூசி மாதிரி இது நுரையீரல்ல தழும்பு போடாது, மூச்சுக்குழாய சுருக்கும். அதனால எக்ஸ்ரேய மட்டும் காட்டி ஒண்ணும் இல்லன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க.

பாளையங்கோட்டையில ஒரு டாக்டரம்மாதான் மொத கேள்வியே "லீவு முடிஞ்சு போற அன்னைக்கு எப்படி இருக்கு?"ன்னு கேட்டாவ. நான் சொல்லச் சொல்ல, இது பிசினோசிஸ்ங்கற பஞ்சுத்தூசி நோய் மாதிரி தெரியுது, ஆனா வாயால சொன்னா செல்லாது, எழுதிட்டு வாங்கன்னு பீக் ஃபுளோ மீட்டர் ஒண்ணு வாங்கச் சொன்னாவ. எவ்வளவு வேகமா மூச்ச ஊதுறோம்னு அளக்குற, கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் குழாய், உள்ள முள்ளு நகரும். நின்னுக்கிட்டு மூச்ச முழுசா இழுத்து உதட்ட நல்லா மூடி ஒரே வீச்சுல வேகமா ஊதணும், மூணு தடவ ஊதி அதுல பெருச எழுதணும். ஷிப்டுக்கு முன்னால, முடிஞ்ச உடனே, ராத்திரி படுக்கறப்போ, லீவு நாள்லயும் அதே நேரத்துக்கு, இப்படி மூணு வாரம் எழுதுனேன். லீவு நாள் கணக்கு இல்லன்னா ஒப்பிட ஒண்ணும் இல்லன்னு ரொம்ப அழுத்திச் சொன்னாவ.

என் நோட்டுல ஒரு வாரம் இப்படி இருந்துச்சு: திங்க காலைல 6 மணிக்கு 440, ஷிப்ட் முடிஞ்சு 2 மணிக்கு 350. புதன்கெழம 425, 385. சனிக்கெழம 420, 395. ஞாயிறு காலைல 430, மத்தியானம் 440. சாதாரணமா எல்லாருக்கும் காலைலதான் கொஞ்சம் கம்மியா இருக்கும், மத்தியானம் கூடும், ஞாயித்துக்கெழம எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, வேல நாள்ல மட்டும் தலைகீழா ஆகுது, அதுவும் திங்கக்கெழம 90 இறங்குது. இத பாத்ததும் டாக்டரம்மா ஒரு திங்கக்கெழம ஷிப்டுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஸ்பைரோமெட்ரிங்கற மூச்சு டெஸ்ட் எடுக்கச் சொன்னாவ, மொத செகண்டுல ஊதுற காத்து 2.60 லிட்டர்ல இருந்து 2.25 ஆயிருந்துச்சு. அன்னைக்கு காலைல இன்ஹேலர் எடுக்கக்கூடாது, எடுத்தா வித்தியாசம் மறைஞ்சு போகும்.

அந்த ஸ்பைரோமெட்ரி பேப்பர் ரெண்டும் நோட்டு ஜெராக்ஸும் வச்சு இ.எஸ்.ஐ.யில குடுத்தேன். அங்க தொழில் நோய் பட்டியல்லயே இது இருக்கு, அதனால வேலையில அடிபட்டதுக்கு சமமா எடுத்துக்கணும். அரசாங்கத்துக்கு மேனேஜரும் பாத்த டாக்டரும் எழுதித் தெரிவிக்க வேண்டிய நோயும்கூட. இந்த ஒரு வரிய டாக்டரம்மா கைப்பட சீட்டுல எழுதிக் குடுத்த பிறகுதான் மில் ஆபீஸ்ல என்னைய உக்காரச் சொன்னாவ. எத்தன வருசம் எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தேன்னு சர்வீஸ் சர்டிபிகேட் வாங்கத்தான் ரொம்ப அலைஞ்சேன், நாலு தடவ போனேன். உங்க பழைய சம்பள ரசீத தூரப் போட்டுராதீங்க.

மாஸ்க் பத்தி எல்லாரும் கேக்காவ. நான் 14 வருசமும் துண்டத்தான் கட்டியிருந்தேன், மெல்லிய தூசி அதுல நிக்காது. என்95 போட்டு ரெண்டு கையாலயும் மூடி ஊதிப் பாத்தா ஓரத்துல காத்து கசியக்கூடாது, தாடி இருந்தா கசியும். ஆனா அந்த வேக்காட்டுல எட்டு மணி நேரம் போட்டுக்கிட்டு நிக்க முடியல, அது உண்ம. அதவிட பெரிய கெடுதல் ஏர் பைப்ப வச்சு மிஷின ஊதிச் சுத்தம் பண்றதுதான், கீழ படிஞ்ச தூசியெல்லாம் எழும்பி மூஞ்சியிலதான் அடிக்கும். உறிஞ்சி எடுக்குற மிஷின் போட்டா பாதி தொல்ல தீரும், அத கேட்டு நாங்க எழுதிக் குடுத்திருக்கோம்.

என்னைய இப்ப நூல் குடோனுக்கு மாத்திருக்காவ. நூல் நூக்குற ரிங் ஃபிரேம் மிஷின் பக்கம் போகச் சொன்னாவ, அங்க சத்தத்துல காது போயிரும்னு நான் ஒத்துக்கல. இ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டு டாக்டருங்க என்னைய பாக்குற தேதி இன்னும் வரல. போன திங்கக்கெழம காலைல 430, சாயந்திரம் 425. நோட்ட இன்னும் எழுதிட்டுத்தான் வாரேன்.