பில்டரை அடைத்த சுக்கு

முதல் நாள் செய்தது சோம்பேறித்தனமான வேலை. 20 கிராம் காபித்தூளோடு ஒரு தேக்கரண்டி சுக்குத்தூளைக் கலந்து பில்டரில் போட்டு, குடையை வைத்து, 120 மில்லி கொதிநீரை ஊற்றினேன். வழக்கமாக இருபது நிமிடத்தில் 80 மில்லி டிகாக்ஷன் இறங்கிவிடும். மீதி நீரைத் தூளே குடித்துக்கொள்ளும். அன்று ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோதும் மேலே தண்ணீர் அப்படியே நின்றது. கீழே இறங்கியிருந்த கொஞ்சமும் நாக்கை இழுக்கும் கசப்பு.

பில்டரைக் கழுவும்போது காரணம் கைக்கே தெரிந்தது. அடித்தட்டின் துளைகளில் கஞ்சிப் பசைபோல ஒன்று ஒட்டியிருந்தது. சுக்கில் பாதியளவு மாவுச்சத்துதான். அது வெந்நீர் பட்டதும் உப்பிக் குழைந்து, தூளின் இடுக்குகளையும் துளைகளையும் அடைத்துவிடுகிறது. தண்ணீர் தூளிலேயே ஊறிக் கிடப்பதால் கசப்பு மிகுதியாக இறங்குகிறது. அந்தக் கசப்புக்குச் சுக்கின் மேல் பழி போட இருந்தேன்!

அடுத்த முறை, தட்டிய சுக்கைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, மீண்டும் சூடாக்கிக் காபித்தூள் மேல் ஊற்றினேன். இறங்கியது, ஆனால் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. துணியைத் தாண்டியும் நுண்ணிய மாவு வந்திருக்கிறது.

மூன்றாவது முறை இரண்டையும் பிரித்துவிட்டேன். சுக்குக்கு வேண்டியது நின்று கொதிப்பது. காபிக்கு வேண்டியது சூடான நீர் தடையில்லாமல் ஊடுருவிப் போவது. ஒரே பாத்திரத்தில் இரண்டுக்கும் இடமில்லை. டிகாக்ஷனைத் தனியாக இறக்கினேன். 3 கிராம் சுக்கைத் தட்டி 50 மில்லி நீரில் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, பத்து நிமிடம் அசையாமல் வைத்தேன். கிண்ணத்தின் அடியில் வெளிறிய வண்டல் படிந்தது. மேல்நீரை மட்டும் டிகாக்ஷனில் ஊற்றினேன். காரம் தெளிவாக இருந்தது, காபியும் காபியாக இருந்தது.

பட்டைத்தூளும் இப்படியே வழவழப்பாகி அடைக்கிறது. முழுப் பட்டையைக் கொதிக்கவைத்தால் தொல்லையில்லை. ஏலக்காய்க்கு நேர் எதிரான வைத்தியம். அதன் மணம் ஆவியாகிப் பறக்கும் எண்ணெயில் இருக்கிறது, கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால் தட்டிய ஒரு காயைப் பால் பொங்கி இறக்கியதும் போட்டு, இரண்டு நிமிடம் மூடிவைத்து வடிகட்டுகிறேன்.

வெல்லத்தில் ஒரு தடவை ஏமாந்தேன். பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டதில் பால் திரிந்தது. இப்போது வெல்லத்தைக் கொஞ்சம் நீரில் கரைத்து, மண் போக வடித்து, அடுப்பிலிருந்து இறக்கிய காபியில் கடைசியாகச் சேர்க்கிறேன். பழைய வெல்லமாக இருந்தால் இதுவும் கைகொடுப்பதில்லை. அன்று பாலில்லாத சுக்குக் காபிதான்.